பழைய கார்டில் ஓடிய தவணை

புது கார்டு வந்த அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவளுக்கு வாய் வரவில்லை.

கார்டு தொலைந்ததே ஒரு கூத்து. மொத்த விற்பனைக் கடையில் ஷாம்பு வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து பர்ஸைத் திறந்தால் கார்டு இருக்கவேண்டிய இடம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பதறியடித்து வங்கிக்கு போன் போட்டாள். உடனே முடக்கிவிட்டார்கள். சாயங்காலம், முடி வெட்டும்போது கட்டும் ஏப்ரனை உதறினாள். சீப்புகளுக்கும் கிளிப்புகளுக்கும் நடுவிலிருந்து கார்டு தரையில் விழுந்து அவளைப் பார்த்தது. மறுபடியும் வங்கிக்குப் பேசினாள். "முடக்கினது முடக்கினதுதான் மேடம். புதுசு தபால்ல வரும், நம்பரும் மாறும்" என்றார்கள்.

"ஊர்ல எல்லார் தலையையும் சரி பண்ற, உன் தலையில என்னதான் இருக்கு?" என்று கணவன் சிரித்தான். சரக்கு வண்டி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பதால், வீட்டில் இருக்கும் பாதி நாளில் முழு வாரத்துக்கான கிண்டலையும் செய்து முடித்துவிடுவான்.

புது கார்டோடு ஒரு கடிதமும் வந்தது. பழைய எண்ணை எங்கெல்லாம் கொடுத்து வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள் என்று அதில் போட்டிருந்தது. டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினாள். போன் பில்லில் மட்டும் அவள் தொடுவதற்கு முன்பே புது எண் வந்து உட்கார்ந்திருந்தது. வங்கியே சொல்லிவிடும் போல என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது அவளுக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது. ஏனென்றால் பாக்கி இருந்தது ஒன்றுதான். அந்த நாற்காலி.

வீட்டு முன்னறையில்தான் அவள் முடி திருத்தும் கடை. சுவரில் ஒரு கண்ணாடி, அதன் முன்னே ஏறி இறங்கி, சாய்ந்து நிமிரும் கறுப்பு நாற்காலி. அதற்கு முன்பு சமையலறை ஸ்டூலில் உட்கார வைத்து, குனிந்து குனிந்து வெட்டி, இடுப்பு போய்விட்டது. பொருளை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு தவணையில் பணம் கட்டும் ஆப்பில் நாற்காலியை எடுக்கலாம் என்று போனாள். ஆப் அவளை வேண்டாம் என்றுவிட்டது. வாடகை, கரண்ட், கல்யாணத்துக்கு வாங்கிய கடன் எல்லாமே கணவன் பேரில் இருந்தன. கடன் வாங்கித் திருப்பிக் கட்டியவள் என்று அவள் பேரில் எங்கேயும் ஒரு வரி இல்லை. அந்த ஆப்பைப் பொறுத்தவரை அவள் இன்னும் பிறக்கவே இல்லை.

"என் அக்கவுண்ட்ல போடுங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "காசு எடுக்கிற கார்டு மட்டும் உங்களோடத குடுங்க. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியா கார்டு வெச்சுக்கலாம்."

நாத்தனாரை வீட்டில் சின்னு என்பார்கள். கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஒரு ஜோடி செருப்பில் ஆரம்பித்து, மகளின் பள்ளிப் பை, குளிருக்கு ஒரு கோட்டு என்று அந்த ஆப்பில் சின்னச் சின்னதாக வாங்கினாள். ஒரு தவணையும் தவறியதில்லை. ஆப் அவளுக்குக் கடன் லிமிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வந்தது. மற்றவர்கள் மகள் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்வதுபோல அவள் அந்த லிமிட்டைச் சொல்வாள்.

நாற்காலி வந்தது. நன்றியும் கூடவே வந்தது. முதல் மாதம் அது பூ மாதிரி இருந்தது, அடுத்த மாதம் செருப்புக்குள் போன கல் மாதிரி ஆகிவிட்டது. சின்னு ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. ஒரே ஒரு தடவை யாரோ உறவுக்காரரிடம் போனில், "அண்ணி கடைக்கு சேர் போட்டிருக்கோம்ல, என் லிமிட்லதான்" என்று சொன்னது காதில் விழுந்தது. பெருமையில் சொன்னது. அண்ணிக்கு அது முதுகில் ஈரத் துணியை ஒட்டியது போல இருந்தது.

புது எண்ணை ஆப்பில் போடவேண்டுமானால் சின்னுவின் போன் வேண்டும். 'சின்னு, உன் போனைக் கொஞ்சம் குடு' என்று போய் நிற்கவேண்டும். நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டாள். அடுத்த நாள் சின்னு அலுத்துப்போய் வந்திருந்தாள், கேட்கவில்லை. அதற்கடுத்த நாள் சின்னு நன்றாகச் சிரித்துப் பேசினாள், அப்போதும் கேட்கவில்லை. பிறகு, போன் பில் மாதிரி இதுவும் தானாக மாறியிருக்கும் என்று மனத்தை ஒரு மூலையில் உட்கார வைத்தாள். அந்த மூலைக்கும் பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்தது. மாறாவிட்டால்தான் என்ன, எப்போதும் எல்லாவற்றையும் சரியாகக் கட்டுகிற அவளுக்கும் ஒரு தடவை கொஞ்சம் இடறட்டுமே என்று. அதை அவள் முழு வாக்கியமாக நினைத்ததில்லை. அதனால் நினைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

தவணை நாள் வந்து போனது. வங்கியில் அவள் பணம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்தாள். இந்த மாதம் பிடிக்க நேரமாகிறது போல என்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

சின்னுவுக்கும் தெரியவில்லை. சலவைக்கூடத்தில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அதோடு, சலுகை சலுகை என்று நாள் முழுக்க அந்த ஆப் கத்துவது பொறுக்காமல் அவள் அதன் வாயை அடைத்து வைத்திருந்தாள். தவணை தவறிவிட்டது என்ற செய்தியும் அந்தச் சலுகைகளோடு சேர்ந்து வாய் மூடிக்கொண்டது.

அவளுக்கு அது தெரியவந்தது மரச்சாமான் கடையின் கல்லாவில்தான்.

அந்த மாதக் கடைசியில் சின்னு தனியாக ஒரு வீட்டுக்குப் போவதாக இருந்தது. ஒரு அறை, ஒரு சமையல் மேடை, அவ்வளவுதான். முன்பணம் கொடுத்து முடித்துவிட்டாள். மகள் தகப்பன் வீட்டில் வளர்கிறாள். ஞாயிறு காலை வந்து மாலையில் திரும்பிவிடுவாள். இரவு தங்க வேண்டுமானால் குழந்தைக்கென்று ஒரு இடம், ஒரு கட்டில் இருக்கவேண்டும் என்பது தகப்பன் வீட்டாரின் பேச்சு. இங்கே இடமில்லை. சின்னுவே முன்னறையில்தான் படுக்கிறாள். காலையில் மெத்தையைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினால்தான் வாடிக்கையாளர் வரலாம். எவ்வளவு பெருக்கினாலும் யாருடைய முடியாவது ஒன்று அவள் தலையணையில் இருக்கும். கட்டிலும் சின்ன ஃப்ரிட்ஜும் ஆப்பில் எடுத்துக்கொள்ளலாம், லிமிட் தாராளமாக இருக்கிறது என்று கணக்குப் போட்டுத்தான் முன்பணத்துக்குச் சேமிப்பை வழித்துக் கொடுத்திருந்தாள்.

அந்த ஞாயிறு மாலை சின்னு வெறும் கையோடு வந்தாள். மகளை விட்டுவிட்டு வந்திருந்தாள். அண்ணி துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சின்னு, கட்டில் எப்ப வருது?"

"வரல அண்ணி." சின்னு செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியின் கைப்பிடியில் சாய்ந்து நின்றாள். "அக்கவுண்ட்ட நிறுத்தி வெச்சிருக்கோம்னு காட்டுது. சேரோட தவணை வரலையாம். பல தடவை எடுக்கப் பாத்தானாம். பின்னாடி அவ்வளவு கூட்டம். நான் அங்கயே நின்னு என் கார்டுல இருந்து அதக் கட்டினேன், தாமதக் கட்டணத்தோட. கட்டினதும் தெறந்துடுச்சு. ஆனா லிமிட்ட வெட்டிட்டான். கட்டில் இல்ல, கட்டிலோட காலுக்குக்கூடப் பத்தாது."

"அடப்பாவமே."

"பாப்பா அதுல படுத்துக் காட்டினா அண்ணி. இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் பொம்மைன்னு. எழுப்பிக் கூட்டிட்டு வந்தேன்." சின்னு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்க அக்கவுண்ட்ல அன்னிக்குக் காசு இல்லையா?"

கேட்டது அவ்வளவுதான். குற்றம் சாட்டாத குரல். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு இரண்டாவது முறை கதவு திறந்தது.

"காசு இருந்துச்சே" என்றாள் அண்ணி. அதுவரை உண்மைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. "ஆப்புலதான் ஏதோ கோளாறா இருக்கும்."

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் சின்னு உடனே. நம்புவதற்கு அவளுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை தவணைப் பணத்தையும் தாமதக் கட்டணத்தையும் சேர்த்து நீட்டினாள். சின்னு தவணையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தாள். "இது எதுக்கு? தப்பு அவனோடது, அவன் திருப்பித் தருவான். லிமிட்டையும் பழையபடி ஏத்தச் சொல்றேன். புதன்கிழமை எனக்கு லீவு, உக்காந்து பேசுறேன் பாருங்க."

செவ்வாய்க்கிழமை முழுக்க அண்ணிக்குக் கத்தரி கனத்தது. சொல்லிவிடலாம் என்று சமையலறைக்குப் போவாள், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவாள். ஒருவேளை ஆப்காரர்கள் பேசாமல் லிமிட்டை ஏற்றிவிடலாம் அல்லவா? பொய்யே உண்மையாகிவிடக்கூடாதா என்று ஒரு பெண் வேண்டிக்கொள்ளக்கூடுமானால், அவள் அதைத்தான் வேண்டினாள். ராத்திரி சாப்பாட்டில் சின்னு அவளுக்கு இன்னும் கொஞ்சம் பரிமாறியபோது தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டாள்.

புதன்கிழமை காலை மருந்துக்கடைக்காரம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கிறவள். யாருக்கு என்ன நோய் என்பது அவளுக்குத் தெரியும், தெரியாத மீதியை முடி வெட்டும்போது தெரிந்துகொள்வாள். சின்னு சுருட்டிய மெத்தைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டாள். காத்திருக்கும் இசை அறை முழுக்க ஓடியது.

"இந்தப் பாட்டுக்கே பாதிப் பேரு கடன விட்டுட்டு ஓடிப்போவான்" என்றாள் மருந்துக்கடைக்காரம்மா, முடி வெட்டப் போர்த்தியிருந்த துணிக்குள்ளிருந்து.

ஒருவழியாக ஒரு பெண் குரல் வந்தது. கணக்கைச் சரிபார்க்க நாலு கேள்வி கேட்டது. பிறகு சின்னு ஆரம்பித்தாள்.

"அந்தக் கார்டுல காசு இருந்துச்சும்மா. காசு இருக்கும்போது நீங்க எடுக்காம விட்டுட்டு என் லிமிட்ட வெட்டினா எப்படி?"

"பாக்குறேன் மேடம்." தட்டச்சுச் சத்தம். "நாங்க எடுக்க முயற்சி பண்ணியிருக்கோம் மேடம். காசு இல்லன்னா பேங்க் அப்படித்தான் பதில் குடுக்கும். இதுல வந்திருக்கிறது அது இல்ல. இந்தக் கார்டு செல்லாதுன்னு வந்திருக்கு. கார்டு தொலைஞ்சோ வேற எதுக்கோ மாத்தியிருந்தா இப்படி வரும். சில கார்டுக்குப் புது நம்பர் எங்களுக்குத் தானா வந்துடும், எல்லாத்துக்கும் வராது. நீங்கதான் ஆப்புல மாத்தணும்."

"மாத்தவே இல்லையே! அது எங்க அண்ணி கார்டு. மாத்தியிருந்தா சொல்லியிருப்பாங்க. உப்பு தீந்துபோச்சுன்னாலே சுவத்துல எழுதி வெச்சுட்டுப் போற ஆளு அவங்க."

அண்ணியின் கத்தரி காற்றில் நின்றது.

"இருக்கலாம் மேடம். ஆனா எங்களுக்கு யார் கார்டுங்கிறது கணக்கில்ல. அக்கவுண்ட் உங்களோடது, தவறினது உங்க பேர்லதான் ஏறும்."

"சரி, கட்டியாச்சுல்ல? லிமிட்டப் பழையபடி வையுங்க."

"அத நாங்க கையால மாத்த முடியாது மேடம். சிஸ்டம்தான் பாக்கும். இனிமே வர்ற தவணையெல்லாம் நாள் தவறாம வந்தா ஏற வாய்ப்பிருக்கு. எப்போ, எவ்வளவுன்னு உறுதி சொல்ல முடியாது."

"அதெப்படிங்க? தப்பு உங்களோடது. எங்க அண்ணி பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? நான் எழுதிப் போடுவேன், உங்க மேல புகார்..." சின்னுவின் குரல் உயர்ந்து, நடுவில் பிசிறியது. அழுகைக்கு முந்தைய பிசிறு. அண்ணிக்காக அவள் ஒரு முன்பின் தெரியாத பெண்ணோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"சின்னு" என்றாள் அண்ணி. "கார்டு மாத்தினேன்."

கண்ணாடியில் மருந்துக்கடைக்காரம்மாவின் கண்கள் மேலே வந்தன.

"என்ன?"

"தொலைச்சுட்டேன்னு முடக்கினேன். புதுசு வந்துச்சு. உன்கிட்ட சொல்லல."

போனிலிருந்து, "மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டது.

சின்னு போனைப் பார்த்தாள். "இருக்கேம்மா" என்றாள். "தப்பு எங்க பக்கம்தான். சத்தம் போட்டதுக்கு மன்னிச்சுக்கோங்க." போனை அணைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள்.

எங்க பக்கம். அண்ணியை மட்டும் தனியாகக் காட்டிக்கொடுத்திருக்கலாம், அவள் செய்யவில்லை.

"ஏம்மா" என்றாள் மருந்துக்கடைக்காரம்மா மெதுவாக, "ஒரு பக்கம் குட்டையா, ஒரு பக்கம் நீளமா இருக்கு. இப்படியே போனா ஊரே கேக்கும். இத முடிச்சுட்டுப் போய்ப் பேசு." சற்று நேரம் கழித்து, "நான் எதையும் காதுல வாங்கல" என்றும் சொன்னாள். தெரு முழுக்கச் சொல்லப்போகிறாள் என்பது அதிலேயே தெரிந்தது. பரவாயில்லை என்று அண்ணிக்குப் பட்டது. மீதியை வெட்டி முடித்தாள். பாதி முடியோடு ஒருத்தியை உட்கார வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்க ஓட முடியாது. அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குக் கிடைத்த தண்டனை.

வாடிக்கையாளர் போனபின் சமையலறைக்குப் போனாள். சின்னு கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"மறந்துட்டீங்களா அண்ணி?" திரும்பாமலே கேட்டாள்.

அது அவள் தானாகவே நீட்டிய பாலம். ஆமாம் என்றால் போதும். யாருக்கும் மறக்கும். இரண்டு பேரும் அழுதுவிட்டு டீ போட்டுக் குடிக்கலாம்.

"மறக்கல."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்புறம்?"

"உன்கிட்ட வந்து நிக்கணுமேன்னு இருந்துச்சு. போனக் குடுன்னு. ஏற்கெனவே உன் பேர்ல வாங்கினது... மறுபடியும் வந்து நிக்க..."

சின்னு குழாயை மூடினாள். "நான் உங்க வீட்டுல நிக்கிறேன் அண்ணி. தினம் காலைல எந்திரிச்சா நிக்கிறேன். பாத்ரூமுக்கு யாரு முதல்லன்னு நிக்கிறேன். மெத்தையச் சுருட்டிட்டு எங்க உக்காருறதுன்னு நிக்கிறேன். ஒரு தடவை உங்களால நிக்க முடியலையா?"

இதையெல்லாம் அண்ணி தினமும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பார்த்தது ஒன்றும் உள்ளே இறங்கவில்லை.

"சிங்க் வைக்கக் கொஞ்சம் சேத்து வெச்சிருக்கேன்" என்றாள் கடைசியில். முன்னறையில் தலை கழுவ ஒரு தொட்டி வைக்கவேண்டும் என்பது அவளுடைய அடுத்த ஆசை. "கட்டிலும் ஃப்ரிட்ஜும் அதுல வாங்கிடலாம். திருப்பித் தர வேணாம்."

"அப்ப நானும் உங்கள மாதிரி ஆயிடுவேன். வாங்கிக் குடுத்தவங்க மூஞ்சியப் பாக்கப் புடிக்காம." சின்னு கையைத் துடைத்தாள், நெடுநேரம் துடைத்தாள். "ஃப்ரிட்ஜ் வேணாம். பால அன்னன்னிக்கு வாங்கிக்கிறேன். கட்டில் மட்டும் வாங்குங்க. பாப்பாவுக்கு. எனக்கில்ல."

பிறகு போனை மேடைமேல் வைத்து அவள் பக்கம் தள்ளினாள். "புது நம்பரப் போடுங்க. அடுத்த தவணையாவது சரியா போகட்டும்."

ஆப்பில் சின்னுவின் பெயருக்குக் கீழே லிமிட் தெரிந்தது. இத்தனை நாள் வீட்டில் பெருமையாகப் பேசப்பட்டது இவ்வளவுதானா என்று நினைத்த பிறகுதான், இது தன்னால் வெட்டுப்பட்டதன் மீதி என்பது உறைத்தது. சின்னுவின் முதல் ஜோடி செருப்புக்கு ஆப் கொடுத்த லிமிட்டே இதைவிடக் கொஞ்சம்தான் குறைவாக இருந்திருக்கும். எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் போட்டாள்.

மாதக் கடைசியில் சின்னு போய்விட்டாள். மெத்தை போனதும் முன்னறை அகலமாயிற்று. எதிர்பார்த்திருந்த அகலம்தான். அதில் நடக்க அவளுக்கு என்னவோ கூச்சமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு கணவனோடு அங்கே போனாள். ஒரே அறை. ஜன்னலோரம் கட்டில், அதன் பக்கத்தில் தரையில் சின்னுவின் பழைய மெத்தை. கட்டிலின் விளிம்பில் பாப்பா துள்ளிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முதல் தடவையாக இரவு தங்கப்போகிறாள். தகப்பன் வீட்டார் வந்து பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"அத்தை! அம்மாதான் வாங்கித் தரேன்னு சொன்னாங்க. இது யாரு வாங்கினது, அம்மாவா?"

"ஆமாடா கண்ணு, அம்மாதான்..." அண்ணி அவசரமாகச் சொன்னாள். குழந்தையிடம் சின்னுவுக்கு அந்தப் பெருமையாவது இருக்கட்டும் என்றுதான்.

"அத்தைதான் வாங்கினாங்க பாப்பா" என்றாள் சின்னு அடுப்படியிலிருந்து. அவள் குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. "பொய் சொல்ல வேணாம் அண்ணி."

பாப்பா கட்டிலிலிருந்து குதித்து ஓடிவந்து அத்தையின் இடுப்பை இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டாள். "தேங்க்ஸ் அத்தை" என்று வயிற்றில் முகத்தைப் புதைத்துச் சொன்னாள். அந்தக் கைகளை விலக்கவும் முடியவில்லை, அவற்றுக்குள் நிற்கவும் முடியவில்லை. அண்ணி சின்னுவைப் பார்த்தாள். சின்னு பாலைப் பொங்கவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.